பூட்டிக் கிடக்கும் இரண்டாவது வீடும் உத்தேச வாடகை நோட்டீஸும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பைசா வாடகை வரவில்லை. பூட்டிய வீட்டுக்கு எதற்கு வரி?

வருமான வரிச் சட்டத்தில் 'வீட்டுச் சொத்து வருமானம்' என்ற தலைப்பு வாடகையின் மீது போடும் வரி அல்ல. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22ஆம் பிரிவு வீட்டின் 'ஆண்டு மதிப்பு' மீது வரி போடுகிறது. அந்த ஆண்டு மதிப்பு என்ன என்பதை 23ஆம் பிரிவு சொல்கிறது. அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு நியாயமாக எவ்வளவு எதிர்பார்க்கலாமோ, அதுதான். வாடகை வந்ததா என்பது அடுத்த கேள்வி. இதைத்தான் 'நோஷனல் ரென்ட்', உத்தேச வாடகை என்கிறோம்.

சொந்தக் குடியிருப்பு என்றால் ஆண்டு மதிப்பு பூஜ்யம் என்று அதே பிரிவு ஒரு சலுகை தருகிறது. அந்தச் சலுகை எத்தனை வீட்டுக்கு, எந்த நிபந்தனையோடு என்பதில்தான் சண்டை எல்லாம். அது ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்கிறது. அதனால் நோட்டீஸ் கையில் வந்ததும் தொகையைப் பார்க்காதீர்கள். எந்த மதிப்பீட்டு ஆண்டு என்று முதலில் பாருங்கள்.

இப்போது இரண்டு வீட்டுக்கும் வரி இல்லை என்கிறார்களே. அப்படியானால் எனக்கு ஏன் நோட்டீஸ்?

அவர்கள் சொல்வது சரி. ஆனால் 2025-26 மதிப்பீட்டு ஆண்டிலிருந்துதான் சரி, அதாவது 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான வருமானத்திலிருந்து. 2025ஆம் ஆண்டு நிதிச் சட்டம் 23(2)ஐ மாற்றி, உரிமையாளர் குடியிருந்தாலும் சரி, 'எந்தக் காரணத்தினாலும்' குடியிருக்க முடியாமல் போனாலும் சரி, இரண்டு வீடுகள் வரை ஆண்டு மதிப்பு பூஜ்யம் என்று ஆக்கியது. காரணம் சொல்லத் தேவையில்லை. பூட்டியே வைத்திருந்தாலும் போதும்.

அதற்கு முன்பு, 2020-21 முதல் 2024-25 வரையிலான மதிப்பீட்டு ஆண்டுகளில், இரண்டு வீடு என்ற எண்ணிக்கை இருந்தது, ஆனால் நிபந்தனையும் இருந்தது. ஒவ்வொரு வீடும் ஒன்று, நீங்கள் குடியிருப்பதாக இருக்க வேண்டும். அல்லது வேலை, வியாபாரம், தொழில் காரணமாக வேறு ஊரில், *உங்களுக்குச் சொந்தமில்லாத* கட்டடத்தில் தங்க வேண்டியிருப்பதால் அங்கே குடியிருக்க முடியாமல் போயிருக்க வேண்டும். 2019-20 வரை ஒரே ஒரு வீடுதான்.

புதிய சலுகை பழைய ஆண்டுக்கும் பொருந்தும் என்று பதிலில் எழுதிவிடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். எந்த மதிப்பீட்டு ஆண்டிலிருந்து அமல் என்று தெளிவாகச் சொல்லியே மாற்றம் வந்திருக்கிறது. அந்த வாதத்தில் உங்கள் நேரமும் அதிகாரியின் பொறுமையும்தான் வீணாகும்.

சொந்தமில்லாத கட்டடம் என்ற அந்த வரி என் விஷயத்தில் என்ன செய்யும்?

நிறையச் செய்யும். இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். இரண்டு பேருக்கும் மதுரையில் ஒரு வீடு, தாம்பரத்தில் ஒரு ஃபிளாட். முதல் ஆள் பெங்களூரில் வேலை செய்கிறார், அங்கே வாடகை வீட்டில் இருக்கிறார். அவருடைய இரண்டு வீடுகளும் பூட்டிக் கிடந்தாலும் வேலை காரணமாகத்தான் குடியிருக்க முடியவில்லை, தங்கியிருப்பது அடுத்தவர் கட்டடம். 2024-25இல்கூட இரண்டும் பூஜ்யம். வாடகை ஒப்பந்தமும் வேலை செய்யும் இடத்தின் சான்றும் வைத்துப் பதில் போட்டால் போதும்.

இரண்டாவது ஆள் மதுரையிலேயே வேலை, மதுரையில் தன் சொந்த வீட்டில் இருக்கிறார். தாம்பரம் ஃபிளாட் பூட்டிக் கிடக்கிறது. அவர் தங்கியிருப்பது தனக்குச் சொந்தமான கட்டடம். ஆகவே வேலை காரணம் என்ற வழி அவருக்கு அடைபட்டுப் போகிறது. தாம்பரம் ஃபிளாட்டையும் தானே பயன்படுத்தினேன் என்று காட்டினால்தான் பூஜ்யம். இல்லையென்றால் உத்தேச வாடகை.

எனக்குத் தெரிந்து நோட்டீஸோடு வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் இந்த இரண்டாவது ஆள்தான். அதனால் இனி அவருடைய நிலையை வைத்தே பேசுகிறேன்.

மாதம் ஒரு முறை போய்த் தங்குவேன். அது குடியிருப்பு ஆகாதா?

ஆகும் என்று வாதிட இடம் உண்டு. வருடம் முழுக்க அங்கேயே இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. கட்டில், பாத்திரம், கேஸ் இணைப்பு, உங்கள் கைவசம் சாவி, எப்போது போனாலும் தங்கும் நிலை, உண்மையிலேயே போய்த் தங்கியது என்று எல்லாம் சேர்ந்து வந்தால், அது உங்கள் இரண்டாவது குடியிருப்புதான்.

ஆனால் அதற்கு ஆதாரம் வேண்டும். அதில் முதலில் கேட்கப்படுவது மின் கணக்கு. இங்கே ஒரு சின்ன விஷயம். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மாதம் இரண்டு நாள் தங்குகிறவருக்குக் கட்டணம் பூஜ்யமாகவே வரும். பில் தொகையை மட்டும் பார்த்தால் வீட்டைப் பயன்படுத்தவே இல்லை என்று தோன்றும். அதனால் பணம் கட்டிய ரசீதைக் கொடுக்காதீர்கள். மீட்டர் ரீடிங் விவரத்தை எடுத்துக் கொடுங்கள். ஒவ்வொரு இரண்டு மாதத்துக்கும் 20, 35, 28 என்று யூனிட் ஓடியிருந்தால் அது பேசும். ரயில் அல்லது பஸ் டிக்கெட், அபார்ட்மென்ட் சங்கத்தின் பராமரிப்புக் கட்டண ரசீது, கேஸ் நிரப்பிய தேதி எல்லாம் அதற்குத் துணை.

ரீடிங் முழுக்க 0, 1, 0 என்று இருந்தால், 'குடியிருந்தேன்' என்று எழுதாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். உண்மையில்லாததை எழுதிக் கொடுத்துவிட்டு மாட்டினால், சாதாரணமாகக் குறைத்துக் காட்டியதற்கு 50 சதவீதம் என்றிருக்கும் அபராதம், தவறான தகவல் என்ற தலைப்புக்குப் போய் 200 சதவீதம் ஆகிவிடும். அந்த நிலையில் வாடகை உண்டு என்பதை ஒத்துக்கொண்டு, எவ்வளவு என்பதில் மட்டும் போராடுவதே நல்லது. பல நேரங்களில் பணம் மிச்சமாவதும் அதில்தான்.

நோட்டீஸில் மாதம் 25,000 ரூபாய் என்று போட்டிருக்கிறார்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது, அதை ஏற்கத்தான் வேண்டுமா?

பெரும்பாலும் இணையத்தில் வீடு வாடகை விளம்பரங்களைப் பார்த்து எடுத்திருப்பார்கள். விளம்பரத் தொகை கேட்கும் விலை. முடிந்த விலை அல்ல. அதுவும் உங்கள் கட்டடத்தில்தானா, அதே பரப்பளவா, லிஃப்ட், கார் நிறுத்தம் இருக்கிறதா என்று பார்க்காமல் பகுதிப் பெயரை மட்டும் வைத்து எடுத்திருந்தால், அதை அப்படியே ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை.

எதிர்பார்க்கக்கூடிய வாடகையைக் கணக்கிடும்போது இரண்டு அளவு வைத்துப் பார்ப்பது வழக்கம். ஒன்று, மாநகராட்சியோ நகராட்சியோ சொத்து வரிக்காக நிர்ணயித்த ஆண்டு வாடகை மதிப்பு. இன்னொன்று, அதே இடத்தில் அதே மாதிரி வீட்டுக்கு நடப்பில் இருக்கும் வாடகை. இரண்டில் எது அதிகமோ அது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் நிர்ணய வாடகை இருந்தால் அதுதான் உச்சவரம்பு. தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டுக் கட்டடங்கள் சட்டம் போய், 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டதால், இந்த உச்சவரம்பை நம்பி இப்போது பெரிதாக வாதிட முடியாது.

மும்பை உயர் நீதிமன்றம் 2014இல் டிப் டாப் டைபோகிராஃபி வழக்கில் சொன்னது இங்கே கைகொடுக்கும். மாநகராட்சி மதிப்பு நல்ல வழிகாட்டி. அதைத் தள்ளிவிட்டு வேறு தொகை எடுக்க வேண்டுமானால் அதிகாரியிடம் உறுதியான ஆதாரம் இருக்க வேண்டும். வெறும் யூகம் போதாது. உங்கள் பக்கத்திலும் ஆதாரம் வேண்டும். சொத்து வரி மதிப்பீட்டு ஆணை, அதே தளத்தில் அல்லது அதே கட்டடத்தில் அதே பரப்பளவுள்ள ஒரு ஃபிளாட்டின் வாடகை ஒப்பந்த நகல், முடிந்தால் சங்கச் செயலாளரிடமிருந்து ஒரு கடிதம். இதில் பக்கத்து ஃபிளாட் ஒப்பந்தத்துக்குத்தான் எடை அதிகம். ஆண்டும் பொருந்த வேண்டும். 2023-24 வருமானத்துக்கு 2025இல் போட்ட ஒப்பந்தத்தைக் காட்டினால் அதிகாரி நியாயமாகவே கேட்பார்.

எனக்கு எவ்வளவு வரி வரும் என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?

சரி, போடலாம். மதுரையில் சொந்த வீட்டில் இருக்கும் ஒருவர், தாம்பரத்தில் 750 சதுர அடி ஃபிளாட். மதிப்பீட்டு ஆண்டு 2024-25. பழைய வரி முறை, 30 சதவீத அடுக்கு. ஐடிஆர்-1இல் மதுரை வீட்டை மட்டும் காட்டிவிட்டார். மீட்டர் ரீடிங்கில் பயன்பாடு இல்லை. பக்கத்து ஃபிளாட் மாதம் 15,000க்கு ஒப்பந்தம். சொத்து வரி ஆண்டுக்கு 6,000, அந்த ஆண்டிலேயே கட்டியிருக்கிறார்.

```
எதிர்பார்க்கக்கூடிய வாடகை   15,000 × 12 = 1,80,000
கட்டிய சொத்து வரி                       −   6,000
ஆண்டு மதிப்பு                            1,74,000
30% நிலைக் கழிவு                        −  52,200
வீட்டுச் சொத்து வருமானம்                 1,21,800
வரி 30%                                    36,540
செஸ் 4%                                     1,462
மொத்தம்                                    38,002
```

நோட்டீஸில் இருந்தபடி 25,000 என்று விட்டுவிட்டால் ஆண்டு 3,00,000. அதே வழியில் போனால் வருமானம் 2,05,800, வரி செஸ்ஸோடு 64,210. வித்தியாசம் 26,208 ரூபாய். ஒரு ஒப்பந்த நகலைத் தேடி எடுப்பதற்கு இது போதுமான காரணம்.

வரிக்கு மேல் 234பி வட்டி மாதத்துக்கு 1 சதவீதம், 2024 ஏப்ரலில் இருந்து. 38,002க்கு மாதம் சுமார் 380. இழுத்தடிக்க இழுத்தடிக்க இது ஓடிக்கொண்டே இருக்கும்.

30 சதவீதக் கழிவு தானாகக் கிடைப்பது. செலவு செய்தீர்களா என்று யாரும் கேட்கமாட்டார்கள். அதற்குப் பதிலாக, பெயின்ட், பழுது, சங்கப் பராமரிப்புக் கட்டணம் எதையும் தனியாகக் கழிக்க முடியாது. சொத்து வரி மட்டும் தனியாகக் கழியும். அதுவும் கட்டிய ஆண்டில், நீங்களே கட்டியிருந்தால்தான். மூன்று வருடப் பாக்கியைச் சேர்த்துக் கட்டியிருந்தால், கட்டிய ஆண்டிலேயே முழுவதும் கழிக்கலாம்.

அந்த ஃபிளாட்டுக்கு வீட்டுக் கடன் இருக்கிறது. அப்போது என்ன ஆகும்?

இந்த இடத்தில்தான் பலருக்குப் பயம் தெளிகிறது. வாடகைக்கு விட்டதாகக் கருதப்படும் வீட்டுக்குக் கடன் வட்டியை முழுவதும் கழிக்கலாம். சொந்தக் குடியிருப்புக்கு இருக்கும் 2 லட்சம் வரம்பு இங்கே இல்லை. மேலே சொன்ன கணக்கில் ஆண்டு வட்டி 1,90,000 என்று வைப்போம்.

பழைய முறையில் 1,21,800 கழித்தல் 1,90,000. அதாவது 68,200 நஷ்டம். அதைச் சம்பளத்திலிருந்து கழிக்கலாம். ஒரே தலைப்பிலிருந்து மற்ற தலைப்புகளுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் வரைதான் நஷ்டம் போகும், மீதி எட்டு ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்லலாம். இங்கே தொகை அந்த வரம்புக்குள்தான். அவர் தன் ரிட்டனில் இந்தக் கடன் வட்டியைக் கோரவே இல்லை என்றால், நோட்டீஸால் அவருக்குக் கூடுதல் வரியே வராது. இந்த ஃபிளாட்டைச் சொந்தக் குடியிருப்பு என்று காட்டி 1,90,000 வட்டியை ஏற்கெனவே கழித்திருந்தால் கதை வேறு. அப்போது நஷ்டம் 1,90,000இலிருந்து 68,200 ஆகக் குறைகிறது. கூடுவது அதே 1,21,800தான்.

புதிய வரி முறையில் சொந்தக் குடியிருப்புக் கடன் வட்டிக்குக் கழிவு கிடையாது. ஆனால் வாடகைக்கு விட்டதாகக் கருதப்படும் வீட்டுக்கு வட்டி கழியும். நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க மட்டும் முடியாது. 1,21,800க்கு எதிராக 1,90,000 வட்டி இருந்தால் வீட்டுச் சொத்து வருமானம் பூஜ்யம். உத்தேச வாடகையைச் சேர்க்கும் அதிகாரியிடம், சேர்த்தால் 24ஆம் பிரிவின் கழிவுகளையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும் என்று எழுதி, வங்கியின் வட்டிச் சான்றை இணையுங்கள். இதைக் கேட்காமல் விடுகிறவர்கள் அதிகம்.

வாடகைக்கு ஆள் தேடினேன், கிடைக்கவில்லை. வீடு காலி என்பதற்குக் கழிவு இல்லையா?

இருக்கிறது, ஆனால் குறுகிய வழி. 23(1)(சி) என்ன சொல்கிறது என்றால், வாடகைக்கு விடப்பட்ட வீடு ஆண்டின் ஒரு பகுதியோ முழுவதுமோ காலியாக இருந்து, அதனால் வந்த வாடகை எதிர்பார்க்கக்கூடிய வாடகையை விடக் குறைந்தால், வந்த வாடகையே ஆண்டு மதிப்பு.

இதில் தெளிவான நிலை: ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஏழு மாதம் 18,000க்கு வாடகைக்கு இருந்தார்கள், காலி செய்தார்கள், அப்புறம் மார்ச் வரை ஆள் கிடைக்கவில்லை. வந்தது 1,26,000. அதுதான் ஆண்டு மதிப்பு. பன்னிரண்டு மாதக் கணக்கு போட வேண்டியதில்லை. ரிட்டனில் இந்த வீட்டை வாடகைக்கு விட்டதாகவே காட்ட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. காலியான ஐந்து மாதமும் நீங்களே போய்க் குடியிருந்தால் அது காலி இல்லை. அப்போது ஆண்டு முழுவதுக்குமான எதிர்பார்க்கக்கூடிய வாடகை மீண்டும் வந்து நிற்கும். ஓர் ஆண்டில் கொஞ்ச காலம் வாடகைக்கு விட்ட வீட்டுக்குச் சொந்தக் குடியிருப்புச் சலுகை இல்லை என்று 23(3) சொல்லிவிடுகிறது.

ஆண்டு முழுவதும் காலி, ஒரு நாள்கூட யாரும் இல்லை என்றால் வாதம் பிளவுபடும். 2011இல் விவேக் ஜெயின் வழக்கில் ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றம், அந்த ஆண்டில் ஒரு முறையாவது வாடகைக்கு விட்டிருந்தால்தான் இந்தச் சலுகை என்று சொன்னது. அதற்கு முன்பே பிரேம்சுதா எக்ஸ்போர்ட்ஸ் வழக்கில் மும்பைத் தீர்ப்பாயம், வாடகைக்கு விடும் எண்ணமும் முயற்சியும் இருந்தால் போதும் என்ற பக்கம் நின்றது. அதனால் உங்களிடம் வாடகைத் தரகருக்கு எழுதிய மெசேஜ், விளம்பரம் போட்டதற்கான ரசீது, சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் போட்ட குறிப்பு என்று தேதியோடு இருந்தால், அந்த வாதத்தை முன்வைக்கலாம். வெற்றி உறுதி இல்லை. இந்த முயற்சியே செய்யாமல் வெறுமனே பூட்டி வைத்த வீட்டுக்கு 23(1)(சி)யைக் கேட்பதில் பலன் இல்லை. கருதப்பட்ட வாடகை என்றாலே 'விட்டதாக வைத்துக்கொள்' என்பதுதானே.

நோட்டீஸுக்குப் பதில் எப்படிப் போட வேண்டும்?

முதலில் நோட்டீஸ் உண்மையானதா என்று பாருங்கள். வருமான வரி இணையதளத்தில் "Authenticate Notice/Order Issued by ITD" என்ற இடத்தில் ஆவண எண்ணைப் போட்டால் தெரியும். அப்புறம் அது எந்த வகை என்று பாருங்கள். குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ, 'உங்கள் ரிட்டனைச் சரிபாருங்கள்' என்று மட்டும் சொன்னால் அது நினைவூட்டல். 142(1) என்றால் விவரம் கேட்கும் நோட்டீஸ். 148ஏ என்றால் பழைய ஆண்டைத் திறக்கப் போவதற்கு முன் காரணம் கேட்பது. ஒவ்வொன்றிலும் பதில் தேதி இருக்கும். அந்தத் தேதி போதாது என்றால் தேதி முடிவதற்கு முன்பே நீட்டிப்புக் கேளுங்கள்.

148ஏ வந்திருந்தால் ஆண்டைக் கணக்கிடுங்கள். விடுபட்ட வருமானம் 50 லட்சத்துக்குக் கீழ் என்றால், அந்த மதிப்பீட்டு ஆண்டு முடிந்து மூன்று ஆண்டுகளுக்குள்தான் அந்த நோட்டீஸ் வரலாம். ஒரு ஃபிளாட்டின் உத்தேச வாடகை அந்த எல்லையைத் தொடவே தொடாது. 2024-25க்கு அந்தக் கெடு 2028 மார்ச் 31. அதற்குப் பிறகு வந்தால் பதிலில் முதல் பத்தியே காலாவதி ஆட்சேபணைதான்.

பதிலை "Pending Actions" பகுதியில் "e-Proceedings" வழியாகப் போடுங்கள். நீளமாக எழுத வேண்டாம். முதலில் எந்தெந்த வீடு, பங்கு எவ்வளவு, எதில் குடியிருக்கிறேன் என்பது. அடுத்து, இரண்டாவது வீட்டைச் சொந்தக் குடியிருப்பு என்கிறீர்களா, வாடகைக்குரியது என்று ஏற்கிறீர்களா என்பது. பின்பு கணக்கு. அதன்கீழ் ஆதாரப் பட்டியல். குடியிருப்பு வாதம் பலவீனமாக இருந்தாலும் முன்வைக்க விரும்பினால், 'அது ஏற்கப்படாவிட்டால் இந்தக் கணக்கை ஏற்க வேண்டும்' என்று மாற்றுக் கோரிக்கையாக 15,000 கணக்கைச் சேர்த்துவிடுங்கள். மாற்றுக் கோரிக்கை இல்லாத பதிலில், குடியிருப்பு வாதம் விழுந்தால் 25,000தான் மீந்து நிற்கும்.

உத்தரவு வந்து, தொகை நியாயமானது என்று தோன்றினால், வரியும் வட்டியும் கெடுவுக்குள் கட்டி, மேல்முறையீடு செய்யாமல், 270ஏஏ பிரிவில் 68ஆம் எண் படிவம் போட்டு அபராதத்திலிருந்து விலக்குக் கேட்கலாம். உத்தரவு கிடைத்த மாதம் முடிந்து ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். நம் கணக்கில் 50 சதவீத அபராதம் 19,001 ரூபாய். விடுவதற்கில்லை.

நோட்டீஸ் இன்னும் வரவில்லை, நானே தவறைக் கண்டுபிடித்தேன். சரிசெய்யலாமா?

செய்யலாம். திருத்த ரிட்டன் காலம் முடிந்துவிட்டால் அடுத்தது புதுப்பித்த ரிட்டன், ஐடிஆர்-யு. மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 48 மாதம் வரை போடலாம். முதல் 12 மாதத்தில் போட்டால் வரி, வட்டிக்கு மேல் 25 சதவீதம் கூடுதல். அதன் பிறகு 50, 60, 70 என்று ஏறும். மதிப்பீட்டு விசாரணை தொடங்கிவிட்டால் பொதுவாக இந்த வழி இல்லை. நினைவூட்டல் செய்தி மட்டும் வந்த நிலையில் இது கைவசம் இருக்கிறது. நஷ்டம் காட்டவோ வரியைக் குறைக்கவோ இதைப் பயன்படுத்த முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி ரிட்டனில் எப்படிக் காட்டுவது?

2025-26 வரை ஐடிஆர்-1 ஒரே ஒரு வீடு உள்ளவர்களுக்கான படிவம். இரண்டாவது வீடு பூஜ்யமாக இருந்தாலும் ஐடிஆர்-2தான். இந்தப் படிவத் தவறில்தான் பலருடைய சிக்கல் ஆரம்பிக்கிறது. ஐடிஆர்-1இல் இரண்டாவது வீட்டுக்கு இடமே இல்லாததால், அது கணக்கிலிருந்தே மறைந்துவிடுகிறது. ஆனால் பதிவுத்துறையிலிருந்து 30 லட்சமும் அதற்கு மேலும் உள்ள கிரயங்கள் துறைக்குப் போகின்றன, உங்கள் ஆண்டுத் தகவல் அறிக்கையில் தெரிகின்றன. மறைத்ததுபோல் தோற்றம் வருவது இப்படித்தான்.

ஐடிஆர்-2இல் "Schedule HP" திறந்து, வீட்டை ஒவ்வொன்றாகச் சேருங்கள். முகவரி, பின்கோடு, உங்கள் பங்குச் சதவீதம். "Type of House Property" கேட்கும் இடத்தில் 2025-26 முதல் இரண்டு வீட்டுக்கும் "Self Occupied" தேர்ந்தெடுக்கலாம். மூன்றாவது இருந்தால் அதற்கு "Deemed Let Out". அதில் எதிர்பார்க்கக்கூடிய ஆண்டு வாடகையையும் கட்டிய சொத்து வரியையும் போடுங்கள். 30 சதவீதத்தைப் படிவமே எடுத்துக்கொள்ளும். வட்டி கேட்டால் வங்கிப் பெயர், கடன் கணக்கு எண், கடன் அனுமதித்த தேதி, மொத்தக் கடன், நிலுவை வரை கேட்கும். வட்டிச் சான்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

மூன்று வீடு இருந்தால் எந்த இரண்டைப் பூஜ்யமாக வைப்பது என்பது உங்கள் விருப்பம். அதிக வாடகை வரக்கூடியதும் கடன் இல்லாததுமான இரண்டைப் பூஜ்யத்தில் வைத்து, பெரிய வட்டி உள்ளதை "Deemed Let Out" ஆக வைத்தால் கணக்கு இலகுவாக வரும். ஆண்டுக்கு ஆண்டு மாற்றவும் செய்யலாம். ஆனால் இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு.

மனைவியோடு பாதிப் பாதி. வீடு யார் கணக்கில்?

அவரவர் பங்கு அவரவர் ரிட்டனில். இருவருக்கும் தனித்தனியாக இரண்டு வீட்டு வரம்பு உண்டு. அந்தப் பாதியும் ஒவ்வொருவருக்கும் ஒரு வீடாகவே எண்ணப்படும். சொத்து வரி, வட்டி எல்லாம் பங்கின்படி பிரியும். ஒருவர் ரிட்டனில் 15,000 என்றும் மற்றவர் ரிட்டனில் 12,000 என்றும் அதே ஃபிளாட்டுக்கு வாடகை மாறுபட்டால் இரண்டு பேருக்கும் கேள்வி வரும்.

ஊரில் அப்பா விட்டுப்போன பழைய வீட்டில் எனக்கு மூன்றில் ஒரு பங்கு. ஓடு உடைந்து கிடக்கிறது. அதற்கும் உத்தேச வாடகையா?

பங்கு என்றாலும் வீடுதான், எண்ணிக்கையில் சேரும். சென்னையில் ஒன்று, மதுரையில் ஒன்று, ஊரில் இந்தப் பங்கு என்றால் மூன்று. ஆனால் எதிர்பார்க்கக்கூடிய வாடகை என்பது அந்த நிலையில் அந்த வீட்டுக்கு ஒருவர் தரக்கூடியது. கூரை ஒழுகும், மின் இணைப்பு துண்டிக்கப்பட்ட வீட்டுக்கு யாரும் வாடகை தரமாட்டார்கள். தேதியோடு புகைப்படம், மின் துண்டிப்பு விவரம், ஊராட்சி வீட்டு வரி ரசீது மூன்றையும் எடுத்து வையுங்கள். "Deemed Let Out" ஆக இந்த வீட்டையே தேர்ந்தெடுத்து, ஊராட்சி ரசீதில் உள்ள மதிப்பை ஒட்டிய சிறிய தொகையில் உங்கள் மூன்றில் ஒரு பங்கைக் காட்டினால், சென்னை, மதுரை வீடுகள் இரண்டும் பூஜ்யத்தில் நிற்கும். வெறும் மனை என்றால், கட்டடம் இல்லாததால், இந்தத் தலைப்பிலேயே வராது.